கையெழுத்துக்கு மார்க் கொடுப்பது நியாயமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் முகாம்களுக்குப் பல ஆண்டுகள் போயிருக்கிறேன். தேர்வு நெருங்கினால் பெற்றோரும் மாணவர்களும், சில சமயம் இளம் ஆசிரியர்களும் கையெழுத்தைப் பற்றிக் கேட்பார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

என் பொண்ணு பத்தாவது படிக்கிறா. பப்ளிக் எக்ஸாம்ல கையெழுத்துக்குன்னு தனியா மார்க் உண்டா சார்?

நான் திருத்திய பாடத்தில் அப்படித் தனிப் பத்தி எதுவும் இருந்ததில்லை. முகாமுக்குப் போனவுடன் கையில் தருவது விடைக்குறிப்பு. நாங்கள் எல்லோரும் 'கீ' என்றுதான் சொல்வோம். ஐந்து மார்க் கேள்வி என்றால் எந்தெந்தக் கருத்து வந்தால் எவ்வளவு என்று அதில் இருக்கும். "அழகாக எழுதியிருந்தால் அரை மார்க் கூட" என்ற வரி அதில் கிடையாது.

ஆனால் பள்ளிக்குள் நடக்கும் தேர்வுகள் வேறு. பல பள்ளிகளில், குறிப்பாகக் கீழ் வகுப்புகளில், 'நீட்னஸ்' என்று இரண்டோ ஐந்தோ ஒதுக்குவார்கள். மத்தியத் தேர்வாணையமான யு.பி.எஸ்.சி.யின் குடிமைப் பணித் தேர்வில் இன்னொரு வழி இருக்கிறது. அங்கே அழகுக்கு மார்க் கிடையாது, படிக்க முடியாவிட்டால் கழிப்பார்கள். ஆக கொடுப்பது, கழிப்பது, இரண்டுமே இல்லை என்று சொல்வது என மூன்று முறைகள் நம் ஊரிலேயே நடக்கின்றன. இவற்றில் மூன்றாவதுதான் எனக்கு அதிகக் கவலை தருவது.

கீயிலேயே இல்லைன்னா அப்புறம் என்ன கவலை?

கீயில் இல்லை. திருத்துகிறவரின் கண்ணில் இருக்கிறது. என் கதையையே சொல்கிறேன்.

பள்ளியில் ஒரு திருப்புதல் தேர்வு. 1806 வேலூர்ப் புரட்சிக்கான காரணங்களை எழுதுக, ஐந்து மார்க். நான் வைத்துக்கொண்ட கீயில் ஐந்து கருத்துகள்: சிப்பாய்களுக்கு வந்த புதிய ராணுவ விதிமுறை, சமய அடையாளம், காதணி இவற்றுக்குத் தடை, தாடியை மழிக்கச் சொன்னது, தோல் பட்டையோடு வந்த புதிய தலைப்பாகை, கோட்டைக்குள் வைக்கப்பட்டிருந்த திப்புவின் மகன்கள் மீது சிப்பாய்களுக்கு இருந்த பற்று. கருத்துக்கு ஒரு மார்க்.

முதல் தாள் ஒரு மாணவியுடையது. முன்னுரை என்று தலைப்பு, அடியில் ஸ்கேல் வைத்துக் கோடு, முத்து முத்தான எழுத்து, உள்தலைப்புகள், முடிவுரை. நான்கு போட்டேன். அடுத்த தாள் ஒரு பையனுடையது. ஒரே பத்தி, மூன்று இடத்தில் அடித்தல், வரி போகப் போக மேலே ஏறுகிற எழுத்து. மூன்று போட்டேன். மாலை நேரம், கையில் இருந்தது அன்றைய கடைசிக் கட்டு.

தாளைத் திருப்பிக் கொடுத்த அன்று அந்தப் பையன் இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு வந்து நின்றான். "சார், அவ தலைப்பாகை எழுதவே இல்ல சார்" என்றான். பார்த்தேன். அந்த மாணவி எழுதியதில் உண்மையில் மூன்று காரணங்களே இருந்தன. மீதி எல்லாம் புரட்சி எப்போது நடந்தது, எப்படி அடக்கப்பட்டது என்ற செய்திகள். அவை சரியானவைதான், ஆனால் கேட்டது அதுவல்ல. பையனின் பத்தியில் ஐந்தும் இருந்தன. 'திப்புவின் மகன்கள்' என்பது அடித்தலுக்கு மேலே இடுக்கி எழுதப்பட்டிருந்தது. நான் அதைப் படிக்கவே இல்லை.

கீப்படி மூன்றும் ஐந்தும் வர வேண்டியது, என் கையில் நான்கும் மூன்றுமாக ஆகியிருந்தது. அவளுக்கு ஒன்று கூடுதல், அவனுக்கு இரண்டு குறைவு. இருவருக்கும் நடுவே மூன்று மார்க் இடம் மாறிப்போனது. கையெழுத்துக்கு மார்க் போடுகிறோம் என்று நான் ஒரு கணம்கூட நினைக்கவில்லை. நினைத்திருந்தால் நிறுத்தியிருப்பேன்.

அது உங்க கவனக்குறைவு. எல்லா வாத்தியாரும் அப்படியா இருப்பாங்க?

கோபம் நியாயம்தான். ஆனால் இது தனி ஆளின் குறை மட்டும் இல்லை. அமெரிக்காவில் மார்க்கம் என்ற ஆய்வாளர் 1976-ல் வெளியிட்ட ஆய்வில், ஆசிரியர்களும் பயிற்சி ஆசிரியர்களும் ஐந்தாம் வகுப்புக் கட்டுரைகளைத் திருத்தினார்கள். உள்ளடக்கம் எப்படி இருந்தாலும் நல்ல கையெழுத்தில் வந்தவை கூடுதல் மார்க் வாங்கின. ஸ்டீவ் கிரஹாமும் அவருடைய சகாக்களும் 2011-ல் இப்படிப்பட்ட ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். நூறு கட்டுரைகளைத் தரவரிசையில் அடுக்கினால் சரியாக நடுவில் நிற்க வேண்டிய ஒன்று, எழுத்து மோசமாக இருந்தால் கீழிருந்து 10-லிருந்து 22-வது இடத்துக்குள் போய்விடுகிறது என்பது அவர்கள் கண்டது.

இதில் எனக்குப் பிடித்தது 1994-ல் வந்த இன்னோர் ஆய்வு. கையால் எழுதிய கட்டுரைகளைத் தட்டச்சு செய்தும், தட்டச்சில் வந்தவற்றைக் கையால் எழுதியும் திருத்தக் கொடுத்தார்கள். தட்டச்சுதானே தெளிவு, அதற்குத்தான் கூடுதல் மார்க் வரும் என்று நினைப்போம். வந்ததோ குறைவு! தட்டச்சில் கட்டுரை சிறியதாகத் தெரிகிறது, எழுத்துப்பிழை பளிச்சென்று கண்ணில் படுகிறது. தோற்றம் எந்தப் பக்கம் இழுக்கும் என்பது திருத்துகிறவருக்கே தெரியாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

கணக்கு, அறிவியல்ல கூட இப்படி ஆகுமா?

குறைவாக ஆகும். கணக்கில் ஒவ்வொரு படிக்கும் மார்க். சூத்திரம் இருக்கிறதா, எண்களைப் பொருத்தியது சரியா, விடை சரியா என்று நின்று நின்று பார்க்கிறோம். அங்கே கையெழுத்து வேறு விதமாகக் கெடுக்கும். 1-ஐயும் 7-ஐயும் ஒன்றுபோல எழுதினால் பையனே அடுத்த வரியில் ஏமாறுவான். நீளமான விடையில்தான் ஆசிரியர் 'மொத்தத்தில் எப்படி இருக்கிறது' என்று பார்க்கிறார். மொத்தம் என்று பார்க்க ஆரம்பித்த இடத்தில் தோற்றம் உள்ளே வந்துவிடும்.

கஷ்டப்பட்டு நாலு கோடு நோட்டுல எழுதிப் பழகினவங்களுக்கு அந்த உழைப்புக்கு மதிப்பே இல்லையா?

உண்டு. ஆனால் வேலூர்ப் புரட்சி தெரியுமா என்று கேட்ட இடத்தில் அதைச் சேர்க்கக் கூடாது. அந்தப் பையனுடைய வீட்டில் அவன் எழுதுவதற்கு ஒரு மேசை கிடையாது. இந்த மாணவி மூன்றாம் வகுப்பு வரை எழுத்துப் பயிற்சி வகுப்புக்குப் போனவள். சமூக அறிவியல் தாளில் அந்த வித்தியாசத்தை அளந்து மார்க் போட்டால் நான் என்ன பாடத்துக்கு மார்க் போட்டேன்?

அதே நேரம், படிக்கும்படி எழுதுவது தேர்வு எழுதுகிறவரின் பொறுப்பு. படிக்கவே முடியாத சொல்லுக்கு நான் ஊகித்து மார்க் போட்டால் அது மற்றவர்களுக்குச் செய்யும் அநியாயம். அதனால் என் கணக்கில் எழுத்து ஒரு வாசற்படி மாதிரி. அதைத் தாண்டிவிட்டால் போதும். தாண்டிய பிறகு ஒருவர் சுமாராக எழுதுகிறாரா, அச்சு மாதிரி எழுதுகிறாரா என்பதற்கு மார்க்கில் இடம் கிடையாது.

எங்க ஸ்கூல்ல 50 மார்க் டெஸ்ட்ல 5 மார்க் நீட்னஸுக்குன்னு வெளிப்படையாவே வைக்கிறாங்க. அது பரவாயில்லையா?

ஒளிவு மறைவாக இருப்பதைவிட இது மேல். கண்ணுக்குத் தெரிவதால் கேள்வியாவது கேட்கலாம். ஆனால் 50-க்கு 5 என்பது பத்தில் ஒரு பங்கு. முதல் இடத்துக்கும் ஐந்தாம் இடத்துக்கும் இடையில் பெரும்பாலும் அவ்வளவு தூரம் இருக்காது.

பள்ளியில் இரண்டு கேள்வி கேளுங்கள். ஐந்து மார்க்கும் எதற்கு? "பார்க்க நல்லா இருக்கணும்" என்று பதில் வந்தால் அது ஆசிரியரின் ரசனை. கேள்வி எண்ணை ஓரத்தில் சரியாக எழுதியது, விடைக்கும் விடைக்கும் இடையே இடம் விட்டது, அடித்ததை ஒரே கோட்டில் அடித்தது என்று பதில் வந்தால் அவை எந்தப் பிள்ளையும் செய்யக்கூடியவை, எண்ணிப் பார்க்கக்கூடியவை. அப்படி இருந்தால் ஓரிரண்டு மார்க் வைப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

இரண்டாவது, விடைகளைத் திருத்தி முடித்த பிறகு அந்த மார்க்கைத் தனியாகப் போடுகிறார்களா? இதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். நீட்னஸுக்கு ஐந்தில் இரண்டு போட்டுவிட்டு, அதே எழுத்துக்காகக் கட்டுரையிலும் குறைத்தால் ஒரே குற்றத்துக்கு இரண்டு தண்டனை. ஒரு பிள்ளைக்கு நீட்னஸ் குறைந்த தாள்களில் எல்லாம் நெடுவினாவிலும் குறைந்தே வருகிறது, ஒரு மார்க் கேள்விகளில் மட்டும் முழு மார்க் என்றால் இது நடக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

யு.பி.எஸ்.சி. மெயின்ஸ் தமிழில் எழுதப்போகிறேன். கையெழுத்துக்குக் கழிப்பார்கள் என்பது உண்மையா?

உண்மை. எளிதில் படிக்க முடியாத கையெழுத்து என்றால் அதற்காக மொத்த மதிப்பெண்ணிலிருந்து கழிக்கப்படும் என்று தேர்வு விதியிலேயே இருக்கிறது. எவ்வளவு கழிப்பார்கள் என்று அந்த விதி சொல்லவில்லை.

கழிப்பது என்ற யோசனையே தவறு என்று நான் சொல்ல மாட்டேன். அழகுக்குக் கொடுப்பதைவிட, படிக்க முடியாததற்குக் கழிப்பது நான் சொன்ன வாசற்படிக்கு நெருங்கியது. என் குறை வேறு. தேர்வின் வேகத்தைப் பாருங்கள். பொது அறிவுத் தாள்களில் வழக்கமான அமைப்பு 20 கேள்விகள், 250 மார்க், மூன்று மணி நேரம். பத்துக் கேள்விக்கு 150 சொல், பத்துக் கேள்விக்கு 250 சொல். மொத்தம் 4000 சொற்கள், 180 நிமிடம். யோசிக்க ஒரு நொடிகூட ஒதுக்காமல் எழுதினாலே நிமிடத்துக்கு 22 சொல் வேண்டும்.

தமிழில் எழுதுகிறவருக்கு இது இன்னும் இறுக்கம். ஆங்கிலத்தில் மூன்று நான்கு சொல்லாகப் பிரிந்து நிற்பது நம்மிடம் 'நடைமுறைப்படுத்தப்பட்டதிலிருந்து' என்று ஒரே சொல்லாக வரும். எண்ணிக்கையில் ஒன்று, கைக்கு அது நான்கு. மற்றபடி 150 சொல்லுக்குள் நிறையச் சொல்லிவிடலாம் என்பது நமக்கு லாபம்தான், ஆனால் மணிக்கட்டுக்கு அது புரியாது. இவ்வளவு வேகத்தில் எழுத வைத்துவிட்டு, அளவு சொல்லாமல் எழுத்துக்குக் கழிப்பதுதான் நியாயமாகப் படவில்லை.

கழித்தார்களா என்று பார்க்கவும் வழி குறைவு. தன் விடைத்தாளைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பார்க்கத் தேர்வருக்கு உரிமை உண்டு என்று சி.பி.எஸ்.இ. தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011-ல் சொன்னது. ஆனால் குடிமைப் பணித் தேர்வு விஷயத்தில் அப்படி இயந்திரத்தனமாக வெளியிட உத்தரவிட முடியாது என்று 2018-ல் அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. எதற்குக் கழித்தார்கள், எவ்வளவு என்று தெரியாத தண்டனையை யாரும் திருத்திக்கொள்ளவும் முடியாது.

பையன் வாயால கேட்டா கடகடன்னு சொல்றான். எழுதச் சொன்னா அரைப் பக்கத்துல கை வலிக்குதுன்னு விட்டுடறான். சோம்பேறித்தனமா?

முதலில் அந்தச் சொல்லை வீட்டில் சொல்லாதீர்கள். சொல்லும் விடைக்கும் எழுதும் விடைக்கும் இவ்வளவு தூரம் இருப்பதே கவனிக்க வேண்டிய அடையாளம். இன்னும் சில பாருங்கள். ஒரே வரியில் எழுத்தின் அளவு மாறுகிறதா, பேனாவை நகம் வெளுக்கிற அளவுக்கு இறுக்குகிறானா, பார்த்து எழுதும்போதுகூடச் சொல் விடுபடுகிறதா? தமிழில் கொம்பும் காலும் இடம் மாறுவது, புள்ளி வேறு எழுத்தின் தலையில் போய் உட்காருவது இவற்றையும் பாருங்கள். நான்காம் ஐந்தாம் வகுப்புக்குப் பிறகும் இவை சேர்ந்து இருந்தால் எழுதுதல் குறைபாடாக, அதாவது டிஸ்கிராஃபியாவாக இருக்கலாம். அதை உறுதி செய்ய வேண்டியது மருத்துவரும் உளவியல் நிபுணரும்தான், நானோ நீங்களோ இல்லை.

2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடு என்ற வகைக்குள் இது வருகிறது. சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவரை வைத்துக்கொள்ளலாம், கூடுதல் நேரம் கேட்கலாம். மத்திய அரசின் 2018 வழிகாட்டுதலில் மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் என்று சொல்லியிருந்தார்கள், மூன்று மணித் தேர்வுக்கு ஒரு மணி. விண்ணப்பத்தைத் தேர்வு நேரத்தில் போடாமல் கல்வியாண்டின் தொடக்கத்திலேயே தலைமை ஆசிரியரிடம் பேசி நகர்த்துங்கள். சான்றிதழுக்கு அலைவதில்தான் மாதங்கள் போகும்.

மேலே சொன்ன தேர்வாணையமே இதில் ஒரு வழக்கைச் சந்தித்தது. எழுதும்போது கை பிடித்துக்கொள்ளும் நோயுள்ள ஒரு மருத்துவப் பட்டதாரி, எழுதித்தர ஆள் கேட்டார். குறைபாடு 40 விழுக்காடு இல்லை என்று மறுத்தார்கள். 40 விழுக்காட்டைக் காட்டி உதவியை மறுக்கக் கூடாது என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதைத் தொடர்ந்து 40-க்குக் கீழே உள்ளவர்களுக்கும் 2022-ல் தனி வழிகாட்டுதல் வந்தது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. எழுதித்தருபவரின் கையெழுத்து அழகாக இருந்தால் யாருடைய எழுத்துக்கு மார்க் போடுவது? நீட்னஸ் மார்க் வைத்திருக்கும் பள்ளிகளில் இதைக் கேட்டிருக்கிறேன், சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

பன்னிரண்டாவதுல தமிழ்ல எதிர்பார்த்ததைவிட 12 மார்க் கம்மி. எழுத்தாலதான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

முதலில் விடைத்தாள் நகல் கேட்டு விண்ணப்பியுங்கள். மறுகூட்டலா, மறுமதிப்பீடா என்பதை அதைப் பார்த்த பிறகு முடிவு செய்யலாம். நகலைக் கீயோடு வைத்துக்கொண்டு, ஒரு மார்க், இரண்டு மார்க் கேள்விகளை விட்டுவிட்டு நெடுவினாக்களை மட்டும் பாருங்கள். கீயில் உள்ள கருத்து உங்கள் விடையில் எந்த வரியில் இருக்கிறது என்று பென்சிலால் எண் போடுங்கள். எண் போட்டது ஐந்து, கிடைத்தது மூன்று என்று இரண்டு மூன்று கேள்விகளில் வந்தால் மறுமதிப்பீட்டுக்குப் போகலாம். எண் போட நீங்களே தேடித் திணறினால், திருத்தியவரைக் குறை சொல்ல முடியாது. உங்கள் எழுத்தையே படிக்காத ஒரு நண்பரை வைத்து இதைச் செய்வது இன்னும் நல்லது.

திருத்துற நாங்க என்னதான் செய்யணும்? (ஓர் இளம் ஆசிரியர்)

அந்தப் பையன் வந்து நின்ற பிறகு நான் இரண்டு மாற்றம் செய்தேன். கருத்து கிடைத்த இடத்திலேயே சிறு டிக், பிறகு டிக்கை எண்ணித்தான் மார்க். முதலில் மார்க்கைத் தீர்மானித்துவிட்டு டிக்கை அதற்குத் தகுந்தபடி போடும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு, அதை விட்டேன். இரண்டாவது, பள்ளித் தேர்வில் ஒரு மாணவரின் தாள் முழுவதையும் ஒரே மூச்சில் திருத்துவதில்லை. வகுப்பு முழுவதற்கும் 41-ஆம் கேள்வி, பிறகு 42 என்று போவேன். முதல் பக்கத்தின் அழகு கடைசிப் பக்கம் வரை ஒட்டிக்கொண்டு வராது. பொதுத்தேர்வு முகாமில் இந்த இரண்டாவது முறைக்கு இடமில்லை, பத்தாம் வகுப்பில் காலை 15, மாலை 15 என்று தாள் கைக்கு வரும், ஒவ்வொன்றாக முடித்துக் கொடுக்க வேண்டும். டிக் முறை அங்கேயும் நடக்கும்.

ஸ்கேன் பண்ணி கம்ப்யூட்டர்ல திருத்தினா இந்தப் பிரச்சினை தீர்ந்துடுமா?

கூட்டல் தவறு தீரும், கையெழுத்து திரையிலும் அதே கையெழுத்துதான். மங்கிய மையும் பின்பக்கம் ஊறிய மையும் ஸ்கேனில் இன்னும் மோசமாகத் தெரியும். கேள்விவாரியாகப் பிரித்து வேறு வேறு ஆளுக்குக் கொடுத்தால் மட்டும் லாபம்.

எக்ஸாமுக்குப் பத்து நாள்தான் இருக்கு. கையெழுத்தை மாத்த முடியுமா?

மாற்ற முடியாது, முயலவும் வேண்டாம். படிக்கும்படி ஆக்கலாம். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே ஓர் எழுத்து அளவு இடைவெளி விட்டாலே பாதி வேலை முடிந்தது. எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்குங்கள், ஆனால் பக்கத்துக்கு எத்தனை வரி என்பதைக் குறைக்காதீர்கள். காலும் 'ர'வும் ஒன்றுபோல விழுகிறதா என்று உங்கள் பழைய தாளில் பாருங்கள். மெய்யெழுத்தின் புள்ளியைக் கடைசியில் மொத்தமாக வைக்கும் பழக்கம் இருந்தால் விடுங்கள், அவசரத்தில் பாதி விடுபடும். தவறிப்போனதை ஒரே கோட்டில் அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதுங்கள், மேலே இடுக்காதீர்கள். அந்தப் பையனின் திப்புவின் மகன்கள் தொலைந்தது அங்கேதான்.

தலைப்புக்கு கலர் ஸ்கெட்ச் யூஸ் பண்ணலாமா?

வேண்டாம். எழுதுவதற்கும் அடிக்கோடு போடுவதற்கும் நீலம் அல்லது கருப்பு மை, படத்துக்குப் பென்சில் என்று வினாத்தாளின் முதல் பக்கத்திலேயே அச்சிட்டிருக்கும்.